கத்தரிக்கு முன்னால் காகிதம்

ரோம் நகரில் 1975-ஆம் ஆண்டு, கிளாட் லான்ஸ்மான் என்ற பிரெஞ்சு இயக்குநர் பெஞ்சமின் முர்மெல்ஸ்டைன் என்ற முதியவரின் எதிரே ஒரு வார காலம் உட்கார்ந்து பேட்டி எடுத்தார். நாஜிகள் நடத்திய தெரேசியன்ஷ்டாட் முகாமில் யூத மூப்பர் குழுவின் கடைசித் தலைவராக இருந்தவர் முர்மெல்ஸ்டைன். அந்தப் பதவியில் இருந்தவர்களில் போருக்குப் பிறகும் உயிரோடு இருந்தவர் அவர் ஒருவர்தான். எந்த ஆவணப்பட இயக்குநரும் கனவு காணும் பேட்டி அது. ஆனால் பத்து ஆண்டுகள் கழித்து, 1985-இல் லான்ஸ்மானின் ‘ஷோவா’ திரைக்கு வந்தபோது அதில் முர்மெல்ஸ்டைன் ஒரு நொடிகூட இல்லை. படத்தின் நீளமோ ஒன்பது மணி நேரத்துக்கு மேல்.

இடம் இல்லாமல் போனதால் அவரை விட்டுவிடவில்லை. படத்தொகுப்புத் திட்டத்தில் அவருக்கு வேலை இல்லை. இந்த வேறுபாடு புரிந்தால், பல மணி நேரப் பேட்டிகளை வைத்துக்கொண்டு ஆவணப்படம் எடுப்பவர்கள் எடிட்டிங் அறைக்குப் போவதற்கு முன் மாதக்கணக்கில் எதை எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்பதும் புரிந்துவிடும்.

அந்த எழுத்து வேலையைத் துறையில் ‘பேப்பர் எடிட்’ என்பார்கள். கணினியில் ஒரு துண்டைக்கூட வெட்டாமல், யார் பேசியது எங்கே வரும், எதற்குப் பின் எது வரும் என்பதை முழுக்கக் காகிதத்தில் ஓட்டிப் பார்ப்பதுதான் அது. ‘ஷோவா’வில் இது எவ்வளவு பெரிய வேலை என்பதற்கு ஒரு கணக்கு போதும். படத்தில் இடம்பெறாமல் மிஞ்சிய சுருள்கள் மட்டும் சுமார் 220 மணி நேரம். அவை இன்று வாஷிங்டனில் உள்ள அமெரிக்க ஹோலோகாஸ்ட் நினைவு அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. படத்தொகுப்பாளர் ஸிவா போஸ்டெக்குக்கு அதைப் படமாகக் கோக்க ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

லான்ஸ்மானின் அளவு நமக்கு வேண்டாம். சின்னதாக ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். ஒரு சிற்றூரில் ஐம்பது ஆண்டுகள் ஓடிய ஒற்றைத் திரை தியேட்டர் மூடப்படுகிறது. இளைஞர் ஒருவர் ஆபரேட்டர், டிக்கெட் கவுன்ட்டரில் இருந்த அம்மா, சைக்கிள் ஸ்டாண்டுக்காரர், இடைவேளையில் முறுக்கு விற்றவர் என்று 22 பேரிடம் பேட்டி எடுத்துவிட்டார். கையில் 36 மணி நேரம் இருக்கிறது. படம் 52 நிமிடம் ஓட வேண்டும். அதாவது எடுத்ததில் நாற்பதில் ஒரு பங்குதான் மிஞ்சும். இடையில் வரும் காட்சிகளையும் மௌனங்களையும் கழித்தால் அதுவும் குறையும்.

இந்த இடத்தில் பெரும்பாலோர் செய்யும் தவறு, முதல் கார்டைத் திறந்து முதல் பேட்டியிலிருந்து வெட்டத் தொடங்குவது. மூன்று வாரம் கழித்து ஆபரேட்டர் பகுதி மட்டும் அழகாகச் செதுக்கி இருக்கும். மிச்சம் 21 பேர் அப்படியே கிடப்பார்கள்.

திட்டத்தின் முதல் வரி ஒரு கேள்வி. ‘தியேட்டர் ஏன் மூடப்பட்டது?’ என்று அந்த இளைஞர் எழுதினால் வரி, வாடகை, டிஜிட்டல் புரொஜெக்டர், வாரிசுகளின் சொத்துத் தகராறு எல்லாம் உள்ளே வரும். ‘தியேட்டரை நம்பி வாழ்ந்தவர்கள், மூடிய மறுநாள் என்ன செய்தார்கள்?’ என்று எழுதினால் உரிமையாளரின் மகன் கொடுத்த இரண்டு மணி நேரப் பேட்டி ஏறக்குறைய முழுவதும் வெளியே போய்விடும், அது எவ்வளவு சுவாரசியமாக இருந்தாலும். லான்ஸ்மான் செய்தது இதைத்தான். ‘ஷோவா’ உயிர் பிழைத்தவர்களைப் பற்றிய படம் அல்ல, மரணத்தைப் பற்றிய படம் என்பது அவர் தீர்மானம். அந்தக் கேள்விக்குள் ட்ரெப்ளிங்கா முகாமின் முடிதிருத்துபவர் ஆபிரகாம் போம்பாவுக்கு இடம் உண்டு. நாஜிகளோடு பேரம் பேச வேண்டிய பதவியில் இருந்து, அந்தத் தந்திரங்களை எல்லாம் வாய் ஓயாமல் விளக்கும் முர்மெல்ஸ்டைனுக்கு இடமில்லை. அவர் தனிப் படம்.

கேள்வி முடிவானதும் பேச்சை எழுத்தாக்கும் வேலை. கேட்க எளிது, படங்கள் தொலைவது இங்கேதான்.

கேமரா பதிவு செய்யும் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஓர் எண் உண்டு. மணி, நிமிடம், நொடி, ஃபிரேம் என்று நான்கு ஜோடி இலக்கங்களாக வரும் அதற்கு டைம்கோட் என்று பெயர். எழுத்தாக்குபவருக்கு வீடியோவின் சிறிய பிரதி ஒன்றை, திரையிலேயே அந்த எண் தெரியும்படி செய்து கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுக்காவிட்டால் அவர் தன் கணினியில் படம் ஓடிய நேரத்தைக் குறித்து அனுப்புவார். ‘பன்னிரண்டாவது நிமிடம்’ என்று எழுதியிருக்கும். எந்தக் கோப்பின் பன்னிரண்டாவது நிமிடம் என்று தேடுவதற்குள் பொழுது போய்விடும். இன்னொரு கண்ணியும் உண்டு. சில கேமராக்களில் டைம்கோட் சுவர்க் கடிகாரம்போல் அன்றைய நேரத்தையே காட்டும்படி வைத்திருப்பார்கள். செவ்வாய் காலை 11:42-உம் வியாழன் காலை 11:42-உம் அப்போது ஒரே எண்தான். ஆகவே நாள், கார்டு எண் இரண்டும் சேராமல் டைம்கோட் மட்டும் எழுதிய குறிப்பு பாதி முகவரி எழுதிய கடிதம்.

தமிழில் வேலை செய்பவருக்கு வேறொரு சங்கடம். எழுத்தாக்கும் தம்பி நல்ல தமிழ் படித்தவராக இருந்தால், பேசியதைத் திருத்தி எழுதிவிடுவார். ஆபரேட்டர் “ரீலு அந்து போச்சுங்க, ஒரே விசிலு, எங்க முதலாளி ஓடியாறாரு” என்று சொல்லியிருப்பார். தாளில் “படச்சுருள் அறுந்துவிட்டது, பார்வையாளர்கள் விசிலடித்தனர், முதலாளி ஓடி வந்தார்” என்று இருக்கும். பொருள் கெடவில்லை. ஆனால் இந்தத் தாளை நம்பி ‘விசிலடித்தனர்’ என்ற இடத்தில் வெட்டச் சொன்னால் அங்கே வெட்ட இடமே இருக்காது. அவர் மூச்சு விடாமல் ஓட்டிக்கொண்டு போயிருப்பார். ஆகவே கொச்சையை அப்படியே எழுத வேண்டும்; ‘ம்’, ‘வந்து’, ‘என்னமோ’ எல்லாவற்றோடும். நீண்ட மௌனம் வந்தால் ‘மௌனம், 6 நொடி’ என்று அடைப்பில் குறிக்க வேண்டும். அந்த ஆறு நொடிதான் கடைசியில் படத்தின் சிறந்த இடமாக இருக்கலாம். எழுத்தில் அதற்கு வேறு தடயம் கிடையாது.

தமிழ்ப் பேச்சின் கட்டுமானமே படத்தொகுப்பாளரோடு மல்லுக்கட்டுவது. நம் வாக்கியத்தில் வினை கடைசியில்தான் வரும். “காலைல எந்திரிச்சு, குளிச்சுட்டு, பொட்டியத் தூக்கிட்டு, பஸ் ஸ்டாண்டுல நின்னு…” என்று ஒருவர் இரண்டு நிமிடம் எச்சங்களாகவே அடுக்குவார், முற்று வராது. நடுவில் எங்கே நறுக்கினாலும் பேச்சு அந்தரத்தில் தொங்கும். எழுவாயும் பல நேரம் இருக்காது. “வந்தாங்க, பாத்தாங்க, பூட்டிட்டுப் போயிட்டாங்க” என்றால் யார்? பேட்டி எடுத்தவருக்குத் தெரியும், ஏனென்றால் ‘வங்கிக்காரர்கள் வந்தார்களா?’ என்று கேட்டது அவர். அந்தக் கேள்வியை நீக்கிவிட்டால் பதில் அநாதை. இதனால்தான் அனுபவப்பட்டவர்கள் பேட்டி தொடங்கும்போதே, “கேள்வியையும் சேத்துப் பதில் சொல்லுங்க ஐயா” என்று கேட்டுக்கொள்வார்கள். ஐந்து நிமிடத்தில் ஐயா அதை மறந்துவிடுவார் என்பது வேறு.

கேள்வியை நீக்கத்தான் வேண்டுமா என்றும் யோசிக்கலாம். எரால் மோரிஸ் 2003-இல் எடுத்த ‘தி ஃபாக் ஆஃப் வார்’ படத்தில் அமெரிக்காவின் முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் மெக்னமாரா ஒருவர்தான் பேசுகிறார். ஆனால் அவ்வப்போது கேமராவுக்குப் பின்னாலிருந்து மோரிஸின் குரல் உரக்க வந்து விழுகிறது. பதில் தாமாகப் பொங்கி வந்ததல்ல, கேட்டு வாங்கியது என்பது பார்ப்பவருக்கு அப்போது தெரிகிறது. ‘ஷோவா’ இன்னும் ஒரு படி மேலே. போலந்துக்காரர்களிடம் லான்ஸ்மான் மொழிபெயர்ப்பாளர் வழியாகத்தான் பேசினார். பிரெஞ்சில் கேள்வி, போலிஷில் அதன் பெயர்ப்பு, போலிஷில் பதில், மறுபடி பிரெஞ்சில் பெயர்ப்பு. இந்த நான்கையும் வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். படத்தின் நீளத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

இனி நமது தியேட்டருக்கு வருவோம். எழுத்தாக்கிய தாள்கள் கட்டுக்கட்டாக வந்தாயிற்று. அவற்றை ஒரு முறை முழுக்க வாசித்து, பேனாவால் மூன்று தரமாகப் பிரிக்கிறார் இளைஞர். கட்டாயம் வேண்டியது, இருந்தால் நல்லது, வேண்டாம். முதல் தரத்தை மட்டும் கூட்டினால் நான்கு மணி நேரம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பேட்டி எடுத்தவரே இந்தத் தரம் பிரிப்பதில் ஒரு வழுக்கல் உண்டு. சைக்கிள் ஸ்டாண்டுக்காரர் வீட்டில் மீன் குழம்போடு சாப்பாடு போட்டிருப்பார். அந்த அன்பு அவர் பேச்சின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும். அங்கே இல்லாத ஒருவர் அதே தாள்களை வாசித்துத் தனியாகத் தரம் போட்டுக் கொடுத்தால், எங்கே இருவரும் முரண்படுகிறார்கள் என்று பார்க்கலாம். அந்த இடங்களில் பெரும்பாலும் வெளியாள்தான் சரியாக இருப்பார்.

தேர்ந்தெடுத்த ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் அட்டை. ஆளுக்கு ஒரு நிறம். சுவரில் ஒட்டி, மாற்றி மாற்றி வரிசைப்படுத்துவது பல படத்தொகுப்பாளர்களின் வழக்கம். நிறத்துக்குக் காரணம் அழகு அல்ல. மஞ்சள் அட்டை ஐந்தாவது நிமிடத்தில் ஒன்று, நாற்பதாவது நிமிடத்தில் ஒன்று என்று இருந்தால், இரண்டாம் முறை அந்த முகம் வரும்போது பார்ப்பவர் ‘இவர் யார்?’ என்று விழிப்பார். எட்டி நின்று சுவரைப் பார்த்தாலே இது தெரிந்துவிடும். 22 நிறமும் சுவரில் இருந்தால் அதுவே ஆபத்து அறிகுறி. 52 நிமிடத்தில் ஏழெட்டு முகங்களுக்கு மேல் மனத்தில் நிற்பது கடினம். மற்றவர்கள் ஓரிரு வரியோடு போகலாம், அல்லது போகவே வேண்டாம்.

சுவரில் வரிசை ஒருவாறு நிலைத்ததும் அதைத் தொகுப்புக் குறிப்பாக எழுத வேண்டும். இது எடிட்டர் கையில் போகும் தாள். இயக்குநர் ஊரில் இல்லாவிட்டாலும் அதை வைத்து முதல் கோவையை, துறைமொழியில் ‘அசெம்ப்ளி’யை, அவர் போட முடிய வேண்டும். கடைசி ஆட்டம் பற்றிய பகுதியில் ஒரு குறிப்பு இப்படி இருக்கும்:

எண் 14. டிக்கெட் கவுன்ட்டர் அம்மா. மூன்றாம் நாள், கார்டு 2, 11:42:07 முதல் 11:42:51 வரை. தொடக்கம்: “அன்னிக்கு சாயங்காலம் மழை…” முடிவு: “…நாப்பது டிக்கெட்டு கிழிச்சேன்.” பிறகு அவர் கையைப் பார்க்கும் 4 நொடியை வெட்ட வேண்டாம். படம்: முகம்தான், மேலே வேறு காட்சி போடாதே. இடையூறு: 11:42:30-இல் பஸ் ஹாரன். ஏன் இங்கே: எண் 13-இல் ஆபரேட்டர் பதினோரு பேர்தான் வந்தார்கள் என்கிறார், இவர் அதை மறுக்கிறார்.

இதில் தொடக்கச் சொற்களும் முடிவுச் சொற்களும் எதற்கு, எண்தான் இருக்கிறதே என்று தோன்றலாம். எண்ணில் ஒரு இலக்கம் தவறாக அடித்துவிட்டால் சொற்கள் காப்பாற்றும். ‘ஏன் இங்கே’ என்ற வரியைத்தான் பலர் எழுதாமல் விடுகிறார்கள். அதை எழுதாவிட்டால், இரண்டு மாதம் கழித்து எண் 13 வெளியே போகும்போது எண் 14 எதற்கு இருக்கிறது என்று ஒருவருக்கும் நினைவிருக்காது. மறுப்பு இருக்கும், மறுக்கப்பட்டது இருக்காது.

இந்தப் பதினொன்றும் நாற்பதும் இன்னொன்றையும் காட்டுகின்றன. இருவரில் யார் சொல்வது சரி? தியேட்டர்களில் அன்றாட வசூல் கணக்கு எழுதுவார்கள், டி.சி.ஆர். என்று அதைச் சொல்வது வழக்கம். அந்தத் தாள் கிடைத்தால் அதைப் படம் பிடித்து இருவர் பேச்சுக்கும் இடையில் வைக்கலாம். கிடைக்காவிட்டால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விட்டுவிடலாம்; நினைவு அப்படித்தான். எதுவானாலும் முடிவைக் குறிப்பில் எழுத வேண்டும். நல்ல தொகுப்புத் திட்டம் வெட்டுவதற்கான பட்டியலோடு, இன்னும் எடுக்க வேண்டியவற்றின் பட்டியலையும் கொண்டு வரும். படப்பிடிப்பு முடிந்துவிட்டது என்று நினைத்த இளைஞர் மறுபடி ஊருக்குப் பஸ் ஏறுவார்.

காகிதத்தில் 90 நிமிடமாக இருந்தது கணினியில் கோத்ததும் இரண்டு மணி நேரத்தைத் தொடும். பயப்பட வேண்டியதில்லை. முதல் கோவை இறுதி நீளத்தைப் போல் இரண்டு மடங்கு இருப்பது சாதாரணம். பயப்பட வேண்டியது வேறு: தாளில் மின்னிய பாதித் துண்டுகள் காதில் செத்துக் கிடக்கும். “எங்க அப்பா செத்தப்பகூட நான் அழல, தியேட்டரப் பூட்டுனப்ப அழுதேன்” என்ற வரி தாளில் படிக்கும்போது நெஞ்சைப் பிடிக்கிறது. ஓட்டிப் பார்த்தால், அவர் அதை மேடையில் பேசுவதுபோல் சொல்லியிருக்கிறார். பத்துப் பேரிடம் ஏற்கெனவே சொல்லிப் பழகிய வரி. அதே ஆள், மைக்கைக் கழற்றும்போது முணுமுணுத்த ஒரு துண்டு எழுத்தில் ஒன்றுமே இல்லாமல் இருந்து, திரையில் எழுந்து நிற்கும். இதனால் முதல் தரத் துண்டுகளைத் தாளில் தேர்ந்த பிறகு, சுவரில் ஒட்டும் முன்பே ஒரு முறை காதால் கேட்டுவிடுவது நல்லது. அட்டையின் மூலையில் குரல் எப்படி இருந்தது என்று ஒரு சொல்: ‘தயக்கம்’, ‘ஒப்பிப்பு’, ‘கோபம், அடக்கி’.

வெட்டு பிடிபடுவதும் காதில்தான். ஒருவர் வாக்கியத்தை முடிக்கும்போது குரல் தாழும். தொடரப்போகும்போது மேலே நிற்கும். மேலே நிற்கும் இடத்தில் வெட்டி, அடுத்த துண்டை ஒட்டினால், படம் என்ன காட்டினாலும் கேட்பவர் ஏதோ பிடுங்கப்பட்டதை உணர்வார். அறையின் பின்னொலியும் காட்டிக்கொடுக்கும். முதல் பாதியில் மின்விசிறி ஓடி, இரண்டாம் பாதியில் நின்றுவிட்டால் ஒட்டு வெளிப்படை. இதற்காகத்தான் ஒவ்வொரு பேட்டி முடிந்ததும் எல்லோரும் வாய் மூடி உட்கார்ந்து, வெறும் அறையின் ஒலியை ஒரு நிமிடம் பதிவு செய்துகொள்வது. வெட்டின் அடியில் அதை விரித்துச் சமாளிக்கலாம்.

ஆனால் காதுக்குச் சிக்காமல் வெட்ட முடிவதுதான் பெரிய சிக்கல். கவுன்ட்டர் அம்மா, “மேனேஜர் பணத்த எடுத்துட்டாருன்னு ஊர்ல பேசிக்கிட்டாங்க, நான் நம்பல” என்கிறார் என்று வைப்போம். இதில் ‘எடுத்துட்டாரு’ என்ற இடத்தில் சாமர்த்தியமாகக் கத்தரித்து, மேலே பூட்டிய கதவின் காட்சியைப் போட்டுவிட்டால், ஊர் வதந்தி அந்த அம்மாவின் சாட்சியமாகிவிடும். தமிழில் ‘ன்னு’ என்ற ஒரே ஒலிதான் அடுத்தவர் சொன்னதையும் தான் சொல்வதையும் பிரிக்கிறது, அதுவும் வாக்கியத்தின் வாலில். அது விழுந்தால் பொருள் தலைகீழ். யாரும் கெட்ட எண்ணத்தோடுதான் இதைச் செய்வார்கள் என்றில்லை. நேரம் குறைக்கும் அவசரத்தில், எழுத்தாக்கிய தாளைக்கூடப் பார்க்காத ஒருவர் செய்துவிடுவார். ஆகவே குறிப்பில் இப்படிப்பட்ட துண்டுகளுக்குப் பக்கத்தில் சிவப்பில் எழுதி வைக்க வேண்டும்: ‘“நம்பல” வரை கட்டாயம், முடியாவிட்டால் முழுவதையும் நீக்கு.’ இரண்டு வேறு இடங்களில் சொன்னதை ஒட்டி ஒரே வாக்கியமாக்கும்போதும், இரண்டு டைம்கோடுகளையும் எழுதி, முழுப் பதிலோடு ஒரு முறை ஒப்பிட்டுக் கேட்க வேண்டும். பேசியவரையே கூப்பிட்டு இதைப் போட்டுக் காட்டத் தயக்கம் இல்லை என்றால் அந்த ஒட்டு இருக்கலாம். தயக்கம் வந்தால் விடை கிடைத்துவிட்டது.

கடைசியாக, நீக்கியவற்றின் பதிவு. வெளியே போகும் ஒவ்வொரு துண்டுக்கும் தேதி, எண், காரணம் என்று ஒரு வரி. இது வீண் வேலைபோலத் தெரியும். ஆனால் தயாரிப்பாளர் பார்த்துவிட்டு, “உரிமையாளரின் மகன் ஏன் பேசவே இல்லை?” என்று கேட்கும் நாள் ஒன்று வரும். அன்றைக்குக் காரணம் எழுத்தில் இருக்க வேண்டும். அந்தத் துண்டு எந்தக் கார்டில் இருக்கிறது என்பதும் இருக்க வேண்டும்.

லான்ஸ்மான் மிச்சம் வைத்ததை வீசிவிடவில்லை. சோபிபோர் முகாமில் நடந்த கிளர்ச்சியில் பங்கெடுத்த யெஹூதா லெர்னரின் பேட்டி 2001-இல் தனிப் படமாக வந்தது. போலந்துத் தூதர் யான் கார்ஸ்கி ‘ஷோவா’வில் வார்சா கெட்டோவைப் பற்றித்தான் பேசுகிறார், அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டை நேரில் சந்தித்தது பற்றி அவர் சொன்ன பகுதி 2010-இல் இன்னொரு படமானது. முர்மெல்ஸ்டைன் 1989-இல் இறந்துவிட்டார். ரோமில் அவரிடம் எடுத்த பேட்டி ‘தி லாஸ்ட் ஆஃப் தி அன்ஜஸ்ட்’ என்ற பெயரில் மூன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடும் படமாக, 2013-இல் கான் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. கேமரா ஓடி அப்போது 38 ஆண்டுகள் ஆகியிருந்தன.